கெயினைக் கூட்டியதும் மோட்டார் ஏன் ஊசலாடுகிறது?

கேள்வி: "மோட்டார் வேகக் கட்டுப்பாட்டுச் சோதனையில் 1500 ஆர்.பி.எம். கேட்கிறோம். Kp 0.004 வைத்தால் 750-லேயே நின்றுவிடுகிறது. 0.012 வைத்தால் கொஞ்சம் ஆடிவிட்டு 1125-ல் நிற்கிறது. 0.024 வைத்தால் ஓயாமல் ஊசலாடுகிறது. டி.சி. மோட்டார் முதல் வரிசை அமைப்பு, அதற்கு வெறும் பி கன்ட்ரோல் போட்டால் எவ்வளவு கெயின் வைத்தாலும் ஊசலாடாது என்றுதானே படித்தோம்? கோளாறு மோட்டாரிலா, எங்கள் நிரலிலா?"

அன்புள்ள மாணவர்களுக்கு,

மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் படித்த கணக்கும் சரி. ஆனால் அந்தக் கணக்கில் வரும் கன்ட்ரோலர் வேகத்தை அதே கணத்தில் பார்த்து, அதே கணத்தில் வோல்டேஜை மாற்றிவிடும். உங்கள் நிரல் அப்படிச் செய்யவில்லை. அது பழைய வேகத்தைப் பார்த்து முடிவெடுக்கிறது, எடுத்த முடிவையும் தாமதமாகத்தான் மோட்டாருக்கு அனுப்புகிறது. மோட்டார் முதல் வரிசைதான். லூப் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் அது முதல் வரிசை இல்லை. நீங்கள் அனுப்பிய நிரலையும் பதிவையும் வைத்து அந்தத் தாமதம் எவ்வளவு, எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம்.

முதலில் மோட்டாரைப் பற்றித் தெரிந்தவை. லூப்பைத் திறந்து வைத்து நீங்கள் எடுத்த பதிவில் 6 வோல்ட் கொடுத்ததும் வேகம் ஏறி 1500 ஆர்.பி.எம்.மில் நிற்கிறது. அதாவது ஒரு வோல்ட்டுக்கு 250 ஆர்.பி.எம். இறுதி வேகத்தில் 63 சதவீதத்தை எட்ட ஏறத்தாழ 100 மில்லி வினாடி ஆகிறது. இந்த இரண்டு எண்களும் போதும். Kp-ஐ 250-ஆல் பெருக்கினால் லூப் கெயின் கிடைக்கும். 0.004 என்றால் 1, 0.012 என்றால் 3, 0.024 என்றால் 6. வெறும் பி கன்ட்ரோலில் வேகம் எங்கே நிற்கும் என்பதை இதிலிருந்தே சொல்லிவிடலாம். லூப் கெயின் 1 என்றால் கேட்டதில் பாதி, 3 என்றால் நான்கில் மூன்று பங்கு. நீங்கள் பார்த்த 750, 1125 இரண்டும் அப்படி வந்தவைதான். மீதி இடைவெளியை மூடத்தான் Kp-ஐக் கூட்டினீர்கள். அந்த வேலைக்கு Kp சரியான ஆள் இல்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

இனி தாமதம். உங்கள் நிரலின் நடுப்பகுதி இப்படி இருக்கிறது:

```
if (millis() - last >= 10) {
  last += 10;
  analogWrite(PWM_PIN, duty);
  rpm = average8(count * 15.0);
  count = 0;
  err = target - rpm;
  duty = constrain(Kp * err * 255 / 12, 0, 255);
}
```

என்கோடர் ஒரு சுற்றுக்கு 400 எண்ணிக்கை தருகிறது. 10 மில்லி வினாடியில் ஒரு எண்ணிக்கை வந்தால் அது 15 ஆர்.பி.எம். ஆகவே `count * 15.0` சரி. ஆனால் அந்த எண் இந்தக் கணத்து வேகத்தைச் சொல்லவில்லை. கடந்த 10 மில்லி வினாடியின் சராசரியைச் சொல்கிறது. சராசரி எப்போதும் அந்த இடைவெளியின் நடுவைச் சேர்ந்தது. எனவே 5 மில்லி வினாடி பழையது. அதன் மேல் `average8` இன்னும் எட்டு மாதிரிகளைச் சராசரி எடுக்கிறது. எட்டு மாதிரிகளின் நடுப்புள்ளி மூன்றரை மாதிரிகளுக்குப் பின்னால் இருக்கிறது. அது 35 மில்லி வினாடி. அடுத்து `analogWrite` வரியைப் பாருங்கள். அது கணக்குப் போடுவதற்கு முன்னாலேயே நிற்கிறது. இந்தச் சுற்றில் கணக்கிட்ட `duty` அடுத்த சுற்றில்தான் மோட்டாருக்குப் போகிறது. அது 10 மில்லி வினாடி. கடைசியாக, அனுப்பிய டியூட்டி அடுத்த அனுப்புதல் வரும்வரை மாறாமல் நிற்கிறது. படிக்கட்டு போன்ற அந்த வடிவத்துக்கும் சராசரியாக அரைச் சுற்றுத் தாமதம் உண்டு. அது இன்னொரு 5. கூட்டிப் பார்த்தால் 55 மில்லி வினாடி. மோட்டாரின் காலமாறிலியே 100 மில்லி வினாடிதான் என்னும்போது இது சின்ன எண் இல்லை.

இந்த 55 மில்லி வினாடி என்ன செய்கிறது? வேகம் லேசாக மேலும் கீழும் அலைவதாக வைத்துக்கொள்ளுங்கள். கன்ட்ரோலரின் வேலை அந்த அலைக்கு நேர் எதிராகத் தள்ளுவது. அலை மெதுவாக இருந்தால் 55 மில்லி வினாடி ஒரு பொருட்டே இல்லை, தள்ளுதல் எதிராகவே விழும். அலை வேகமாக ஆக ஆக, அதே 55 மில்லி வினாடி ஒரு சுழற்சியில் பெரிய பங்காகிவிடுகிறது. உங்கள் லூப்பில் சுழற்சி நேரம் 0.186 வினாடி ஆகும்போது, தாமதம் மட்டுமே ஏறத்தாழ 106 டிகிரி பின்தங்கலைத் தருகிறது. மோட்டாரும் தன் பங்குக்கு 74 டிகிரி பின்தங்குகிறது. இரண்டும் சேர்ந்து 180. எதிராகத் தள்ள வேண்டிய கை இப்போது அலை போகும் திசையிலேயே தள்ளுகிறது.

அப்படித் தள்ளினாலும் ஊசலாட்டம் நிலைத்து நிற்குமா என்பது கெயினைப் பொறுத்தது. அந்த 0.186 வினாடி அலையை மோட்டார் மூன்றரை மடங்கு சுருக்கிவிடுகிறது. கனமான ரோட்டார் அவ்வளவு வேகமாக வேகம் மாறாது. உங்கள் எட்டு மாதிரி ஃபில்டரும் அதை 0.72 பங்காகச் சுருக்குகிறது. இரண்டும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 5 மடங்கு சுருக்கம். லூப் கெயின் 5-க்குக் கீழே இருந்தால் அலை ஒவ்வொரு சுற்றிலும் சிறுத்துக்கொண்டே போய் அடங்கும். 3 வைத்தபோது ஆடி அடங்கியது அதனால்தான். 5-க்கு மேலே போனால் ஒவ்வொரு சுற்றிலும் பெருத்துத் திரும்பி வரும். நீங்கள் வைத்தது 6. மோட்டாரை ஒரு முறைகூடச் சுழற்றாமல், இந்த லூப் ஏறத்தாழ Kp 0.02-ல் ஆட ஆரம்பிக்கும் என்று காகிதத்திலேயே சொல்லியிருக்கலாம்.

உங்கள் வரைபடத்தில் அடுத்தடுத்த இரண்டு உச்சிகளுக்கு நடுவே அளந்து பார்த்தேன், 0.19 வினாடி வருகிறது. இந்த எண்ணைத்தான் நீங்கள் முதலில் கவனித்திருக்க வேண்டும். மோட்டார் 0-க்கும் 90 டிகிரிக்கும் இடையில்தான் பின்தங்க முடியும். மீதியைத் தாமதம்தான் தந்தாக வேண்டும். ஆகவே வெறும் பி கன்ட்ரோலில், தாமதத்தால் வரும் ஊசலாட்டத்தின் சுழற்சி நேரம் தாமதத்தைப் போல இரண்டு மடங்குக்கும் நான்கு மடங்குக்கும் இடையில் அமையும். மோட்டார் லூப்களில் பெரும்பாலும் மூன்றரையை ஒட்டி வரும். ஆக, ஊசலாட்டத்தின் சுழற்சி நேரத்தை மூன்றரையால் வகுத்தால் லூப்பில் ஒளிந்திருக்கும் மொத்தத் தாமதம் கையில் வந்துவிடும். 0.19-ஐ வகுத்தால் 54 மில்லி வினாடி. நிரலை வரி வரியாகப் படித்துக் கூட்டியதும் 55. இரண்டும் இவ்வளவு நெருக்கமாக வந்தபின் வேறு காரணம் தேடத் தேவையில்லை.

வைவாவில் இந்தக் கேள்வியைக் கேட்டால் பலரும் "ஆர்மேச்சர் இண்டக்டன்ஸ், சார்" என்பார்கள். தப்பான பதில் என்று சொல்ல முடியாது. இண்டக்டன்ஸைச் சேர்த்தால் மோட்டார் இரண்டாம் வரிசையாகிறது, அதிகக் கெயினில் ஆடி அடங்கவும் செய்யும். ஆனால் தாமதமே இல்லாத இரண்டாம் வரிசை அமைப்பு வெறும் பி கன்ட்ரோலில் ஓயாமல் ஆடாது. இந்த அளவு மோட்டாரில் மின் காலமாறிலி ஒரு மில்லி வினாடியை ஒட்டி இருக்கும். 0.19 வினாடி அலைக்கு அது இரண்டு டிகிரி பின்தங்கலைத்தான் தரும். 106 டிகிரி தரும் ஆள் எதிரே நிற்கும்போது இரண்டு டிகிரிக்காரரைப் பிடித்து விசாரிப்பது நேர விரயம்.

இன்னொரு விஷயமும் உங்களைக் குழப்பியிருக்கும். அலை பெருத்துக்கொண்டே போகும் என்றால் ஏன் ஒரு அளவில் நின்றுவிடுகிறது? `constrain` வரிதான் காரணம். டியூட்டி 0-க்குக் கீழேயும் 255-க்கு மேலேயும் போக முடியாது. அலை பெரிதாகி அந்தச் சுவர்களில் முட்ட ஆரம்பித்ததும், கன்ட்ரோலர் கேட்பதற்கும் மோட்டாருக்குக் கிடைப்பதற்கும் வித்தியாசம் வந்துவிடுகிறது. செயல்படும் கெயின் தானாகக் குறைந்து சரியாக அந்த 5-ல் வந்து நிற்கிறது. அதனால் வீச்சு மாறாத, பார்க்க ஒழுங்கான ஒரு அலை கிடைக்கிறது. Kp-ஐ 0.03, 0.05 என்று கூட்டிக்கொண்டே போனாலும் சுழற்சி நேரம் பெரிதாக மாறாது. வீச்சு கொஞ்சம் கூடி, ஷாஃப்டில் 500 ஆர்.பி.எம். ஏற்ற இறக்கத்தை ஒட்டி நின்றுவிடும். திரையில் அது 400-க்குள் தெரியும். உங்கள் ஃபில்டர் ஊசலாட்டத்தையும் சேர்த்து மழுப்பிக் காட்டுகிறது என்பதையும் கவனியுங்கள். ஷாஃப்ட் ஆடுவது திரையில் பார்ப்பதைவிட அதிகம்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் கெயினைத் தொடாதீர்கள், தாமதத்தைக் குறையுங்கள். `average8`-ஐ எடுத்துவிட்டால் 35 மில்லி வினாடி போய்விடும், மிஞ்சுவது 20. அதே மோட்டார், அதே Kp. ஆனால் ஆட ஆரம்பிக்கும் லூப் கெயின் 5-லிருந்து 9-க்குப் போய்விடும், அங்கே சுழற்சி நேரம் 74 மில்லி வினாடி. அடுத்து `analogWrite` வரியை வெட்டி, `duty` கணக்கிடும் வரிக்குக் கீழே ஒட்டுங்கள். இன்னும் 10 மில்லி வினாடி போய்விடும். எல்லை இப்போது ஏறத்தாழ 21. ஒரு வரியை நான்கு வரி கீழே இறக்கியதற்கு இரண்டு மடங்குக்கும் மேல் கெயின் கிடைக்கிறது. ஆய்வகத்தில் இதைவிட மலிவான திருத்தத்தை நான் பார்த்ததில்லை. சிலர் வேண்டுமென்றேதான் அனுப்பும் வரியை மேலே வைப்பார்கள். கணக்குப் போட ஆகும் நேரம் சுற்றுக்குச் சுற்று மாறினாலும், அனுப்பும் கணம் துல்லியமாக 10 மில்லி வினாடிக்கு ஒருமுறை வரும் என்பதற்காக. அது நியாயமான காரணம்தான். உங்கள் கணக்கு முடிய ஒரு மில்லி வினாடிகூட ஆகாது என்பதால் உங்களுக்கு அது பொருந்தாது.

ஃபில்டரை எடுத்தால் திரையில் வேகம் முள்ளு முள்ளாகத் தெரியும். அதற்குப் பயந்துதானே போட்டீர்கள்? அந்த முள் எவ்வளவு பெரிது என்று கணக்குப் போடுங்கள். ஒரு எண்ணிக்கை முன்னே பின்னே விழுந்தால் 15 ஆர்.பி.எம். Kp 0.008 என்றால் அது 0.12 வோல்ட். 12 வோல்ட்டை 255 படியாகப் பிரித்திருக்கிறீர்கள், ஒரு படி 0.047 வோல்ட். ஆக டியூட்டி இரண்டு மூன்று படி நடுங்கும், அவ்வளவுதான். மோட்டாருக்கு அது தெரியவே தெரியாது, அதன் 100 மில்லி வினாடியே நல்ல ஃபில்டர். வரைபடம் அழகாக வேண்டுமென்றால் திரைக்கு அனுப்பும் எண்ணை மட்டும் சராசரி எடுங்கள், லூப்புக்குள் போகும் எண்ணை விட்டுவிடுங்கள்.

அடுத்தது அந்த மிச்ச இடைவெளி. லூப் கெயின் 21 வரை போகலாம் என்பதால் 20 வைத்துவிடாதீர்கள். எல்லையில் பாதிக்கும் கீழே வைத்தால்தான் நடத்தை ஒழுங்காக இருக்கும். 8 வைத்தாலும் வெறும் பி கன்ட்ரோலில் ஒன்பதில் ஒரு பங்கு பிழை மிஞ்சும், 1500 கேட்டால் 1333. இதைப் போக்க இன்டக்ரல் வேண்டும். இன்டக்ரல் நேரத்தை மோட்டாரின் காலமாறிலிக்குச் சமமாக 0.1 வினாடி வைத்து, Kp-ஐ 0.008-க்குக் கொண்டுவாருங்கள். அப்போது Ki 0.08. லூப் கெயின் வெறும் 2 என்று ஏமாற்றமாகத் தோன்றலாம். ஆனால் பிழை பூஜ்யத்துக்குப் போய்விடும், வேகம் ஏறத்தாழ 50 மில்லி வினாடி காலமாறிலியோடு இலக்கை நோக்கிப் போகும். மோட்டார் தனியாக ஏறுவதைவிட இரண்டு மடங்கு விரைவு. தாமதம் 10 மில்லி வினாடியாக இருக்கும்போது ஃபேஸ் மார்ஜின் 75 டிகிரிக்கும் மேல் கிடைக்கிறது. பழைய 55 மில்லி வினாடி லூப்பில் இதே எண்களைப் போட்டால் மார்ஜின் முப்பது டிகிரியை ஒட்டி விழுந்துவிடும், ஒவ்வொரு தடவை இலக்கை மாற்றும்போதும் பல முறை ஆடிவிட்டுத்தான் நிற்கும். எண்கள் அதேதான், லூப்தான் வேறு. இன்னொரு குழுவின் கெயினைக் கேட்டு வாங்கிப் போட்டால் சரிவராதது இதனால்தான். டியூட்டி 0-லோ 255-லோ முட்டிக்கொண்டிருக்கும்போது இன்டக்ரலைச் சேர்ப்பதை நிறுத்த மறக்காதீர்கள். இல்லாவிட்டால் அது தேவையில்லாமல் ஏறி நின்று, இலக்கைத் தாண்டிப் பெரிதாக ஓடிவிட்டுத் திரும்பும். அதையும் ஊசலாட்டம் என்று என்னிடம் கொண்டுவருவீர்கள்.

டெரிவேட்டிவ் சேர்த்தால் அடங்குமே என்று உங்களில் ஒருவர் குறிப்பில் எழுதியிருந்தார். இந்த லூப்பில் வேண்டாம். ஒரு எண்ணிக்கை மாறினால் 10 மில்லி வினாடியில் 15 ஆர்.பி.எம்., அதாவது வினாடிக்கு 1500 ஆர்.பி.எம். முடுக்கம் என்று அது எடுத்துக்கொள்ளும். ஒரே ஒரு துடிப்பு முன்பின் விழுந்ததற்கு இவ்வளவு களேபரம். அதை அடக்க மறுபடி ஃபில்டர் போடுவீர்கள், தாமதம் திரும்பி வந்துவிடும்.

இவ்வளவும் கணக்கு நிச்சயமாகச் சொல்வது. நிச்சயம் குறைந்த இடங்களும் உண்டு. நான் சொன்ன எல்லை எண்கள் மோட்டார் நேர்கோட்டில் நடக்கிறது என்று வைத்துக்கொண்டு போட்டவை. உண்மை மோட்டாரில் உராய்வு இருக்கிறது, பிரஷ் இருக்கிறது. மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் காலமாறிலி ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. குறிப்பாக உங்கள் டிரைவர் பி.டபிள்யூ.எம். அணைந்திருக்கும் நேரத்தில் மோட்டார் முனைகளைக் குறுக்காக இணைத்து பிரேக் போடுகிறதா, அல்லது திறந்து விட்டு மோட்டாரைச் சும்மா ஓட விடுகிறதா என்பதைப் பொறுத்து எண்கள் மாறும். சும்மா ஓட விடும் இணைப்பாக இருந்தால் அலை விறுவிறுவென்று ஏறி, மெதுவாக இறங்கும். உங்கள் வரைபடத்தில் ஏற்றமும் இறக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால் பிரேக் வகை என்று எடுத்துக்கொண்டேன். அது ஊகம்தான், டிரைவரின் டேட்டாஷீட்டில் பார்த்து உறுதி செய்யுங்கள். மொத்தத்தில் 5 என்று நான் சொன்னது உங்கள் மேஜையில் 4-ஆகவோ 6-ஆகவோ வரலாம். ஆனால் 5-க்கும் 9-க்கும் 21-க்கும் உள்ள வித்தியாசம் அப்படிக் கரைந்துபோகாது.

எல்லா ஊசலாட்டத்துக்கும் தாமதம்தான் காரணம் என்றும் சொல்லமாட்டேன். கப்ளிங் தளர்ந்திருந்தாலோ ஷாஃப்ட் மெலிந்திருந்தாலோ அதிகக் கெயினில் அதுவும் அதிரும். வரைபடத்தை மட்டும் பார்த்து அதை ஒதுக்கிவிட முடியாது, ஆனால் ஒரு சின்னச் சோதனையில் பிரித்துவிடலாம். நிரலில் வேண்டுமென்றே இன்னும் ஒரு சுற்றுத் தாமதம் சேருங்கள். கணக்கிட்ட டியூட்டியை இன்னொரு மாறியில் வைத்து, இப்போது போவதைவிட ஒரு சுற்று பின்னால் அனுப்பினால் போதும். காரணம் தாமதம்தான் என்றால் சுழற்சி நேரம் 30 முதல் 40 மில்லி வினாடி வரை நீளும். கப்ளிங் அதிர்வாக இருந்தால் சுழற்சி நேரம் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கும். அதை ஷாஃப்டும் சுமையும் தீர்மானிக்கின்றன, உங்கள் நிரல் அல்ல. அந்த அதிர்வு பெரும்பாலும் காதுக்கும் கேட்கும்.

மிகக் குறைந்த வேகத்தில் வருவது வேறு வகை. இன்டக்ரல் போட்டபின் இலக்கை 50 ஆர்.பி.எம். வைத்துப் பாருங்கள். மோட்டார் நிற்கும், இன்டக்ரல் மெல்ல ஏறும், திடீரென்று உதறிக்கொண்டு கிளம்பும், இலக்கைத் தாண்டும், மறுபடி நிற்கும். கெயினைக் குறைத்தால் இது போகாது, இன்னும் மெதுவாகும், அவ்வளவுதான். நிலை உராய்வின் வேலை இது. மேலும், அந்த வேகத்தில் 10 மில்லி வினாடிக்கு மூன்று எண்ணிக்கைதான் வரும். வேகத்தை எண்ணி அளப்பதை விட்டுவிட்டு, இரண்டு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தை அளக்க வேண்டிய இடம் அது.

பக்கத்து மேஜைக் குழுவுக்கும் சேர்த்து ஒன்று. உங்கள் நிரலில் ஒவ்வொரு சுற்றிலும் `Serial.println` இருக்கிறது. நீங்கள் 115200 வேகத்தில் வைத்திருப்பதால் தப்பித்தீர்கள். 40 எழுத்து போக மூன்றரை மில்லி வினாடிதான் ஆகும். அவர்கள் 9600-ல் வைத்திருக்கிறார்கள். அதே 40 எழுத்துக்கு 42 மில்லி வினாடி. முதல் ஒன்றிரண்டு வரிகளை பஃபர் ஏற்றுக்கொள்ளும். அது நிரம்பியதும் நிரல் அங்கேயே காத்துக் கிடக்கும். 10 மில்லி வினாடிச் சுற்று என்று நினைத்து ஓடவிட்டது உண்மையில் 42 மில்லி வினாடிச் சுற்று. தாமதம் நான்கு மடங்கானது ஒரு பக்கம். `count` 42 மில்லி வினாடிக்குச் சேர்ந்திருக்க, அதை 10-க்குரிய 15-ஆல் பெருக்குவதால் வேகம் நான்கு மடங்காகத் தெரிவது இன்னொரு பக்கம். லூப் கெயினும் கூடவே நான்கு மடங்கு. அவர்கள் மோட்டார் Kp 0.004-லேயே ஆடியதில் ஆச்சரியமில்லை. கையில் பிடிக்கும் டேக்கோமீட்டரை ஷாஃப்டில் காட்டித் திரையில் வரும் எண்ணோடு ஒப்பிட்டால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். சுற்று நேரத்தை உறுதி செய்ய, ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் சும்மா இருக்கும் ஒரு பின்னை நிலை மாற்றி ஆசிலோஸ்கோப்பில் பாருங்கள். விளிம்புக்கு விளிம்பு 10 மில்லி வினாடி இருக்க வேண்டும்.

அடுத்த வகுப்புக்கு மூன்று பதிவுகள் எடுத்து வாருங்கள். ஃபில்டரோடு இப்போதிருக்கும் நிரல் ஒன்று, ஃபில்டர் இல்லாமல் ஒன்று, ஃபில்டர் இல்லாமல் `analogWrite`-ஐக் கீழே இறக்கி ஒன்று. ஒவ்வொன்றிலும் Kp-ஐ மெல்லக் கூட்டி, ஊசலாட்டம் அடங்காமல் நிற்கத் தொடங்கும் மதிப்பையும் அப்போதைய சுழற்சி நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வேகத்தோடு டியூட்டியையும் பதியுங்கள், சுவரில் முட்டுகிறதா என்று அதில்தான் தெரியும். கடைசிப் பதிவில் சுழற்சி நேரம் 40 மில்லி வினாடியை ஒட்டி வரும். ஒரு அலைக்கு நான்கு புள்ளிதான் கிடைக்கும் என்பதால், அதைத் திரையில் அளக்காமல் டியூட்டி பின்னிலேயே ஸ்கோப்பை வைத்து அளங்கள்.